ஆதாரம் அறிந்து நீக்கல்

நுழையும்முன்

இரண்டு மாணவர்கள் ஒரே சமன்பாட்டுத் தொகுப்புக்கு ஒரே முறையில் தீர்வு காண்கின்றனர். இருவரும் நான்கு முக்கிய எண்ணுருக்கள் வரை மட்டுமே எண்களை எழுதிக்கொள்கின்றனர். ஒருவருக்கு x = 5 எனவும் மற்றவருக்கு x = 12.5 எனவும் விடை வருகிறது. இருவரில் எவரும் கூட்டலிலோ பெருக்கலிலோ தவறு செய்யவில்லை. முதல் நிரையாக எந்தச் சமன்பாட்டை எழுதினர் என்பது மட்டுமே வேறுபாடு. வரிசை மாறினால் விடை மாறுமா? சமன்பாடுகள் மாறவில்லையே! இவ்வினாவுக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நிரை நீக்கல்

நேரியல் சமன்பாடுகளை நீக்கல் முறையில் தீர்ப்பது நாம் முன்பே அறிந்தது. முதல் சமன்பாட்டைத் தக்க எண்ணால் பெருக்கி, அதனைக் கீழுள்ள சமன்பாட்டிலிருந்து கழித்தால் அங்குள்ள x மறைந்துவிடும். எஞ்சிய சமன்பாட்டிலிருந்து y கிடைக்கும். அதனை முதல் சமன்பாட்டில் பிரதியிட x கிடைக்கும். பின்சொன்ன செயலைப் பின்னோக்கிப் பிரதியிடல் என்பர்.

சமன்பாடுகளின் கெழுக்களை மட்டும் நிரைகளாக எழுதிக்கொண்டு இச்செயலைச் செய்யும்போது அது நிரை நீக்கல் எனப்படுகிறது. முதல் நிரையை R1 எனவும் இரண்டாம் நிரையை R2 எனவும் குறிப்போம். நீக்குவதற்குப் பயன்படும் நிரையின் முதற்கெழுவை ஆதார உறுப்பு என்போம். பிவட் என்னும் பெயராலும் இது வழங்கும். நீக்கப்பட வேண்டிய கெழுவை ஆதார உறுப்பால் வகுத்தால் கிடைப்பது பெருக்கெண். அதனை m எனக் குறிப்போம். ஆதார உறுப்பு வகுக்கும் இடத்தில் நிற்கிறது என்பதை மனத்திற் கொள்க. அது சிறிதானால் பெருக்கெண் பெரிதாகும். நாம் தேடும் சிக்கலின் வேர் இங்குதான் இருக்கிறது.

ஆதார உறுப்பு சுழியாக இருந்தால் வகுத்தலே இயலாது. அப்போது நிரைகளை இடம் மாற்றியாக வேண்டும் என்பது எவருக்கும் புலப்படும். ஆதார உறுப்பு சுழியாக இல்லாமல் சுழிக்கு மிக அருகில் இருக்கும்போது நேரும் இடர் அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. கணக்கு தடையின்றி நடக்கும்; விடையும் வரும்; ஆனால் அது பிழையான விடையாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் தொகுப்பைக் காண்க.

```
0.0004x + 3y = 6.002
     2x + 4y = 18
```

x = 5, y = 2 என்பது இதன் சரியான தீர்வு. முதல் சமன்பாட்டில் 0.002 + 6 = 6.002 எனவும், இரண்டாம் சமன்பாட்டில் 10 + 8 = 18 எனவும் பொருந்துவதைச் சரிபார்க்கலாம்.

இனி, நான்கு முக்கிய எண்ணுருக்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் ஒரு கணிப்பான் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு செயலின் விடையும் உடனே நான்கு எண்ணுருக்களுக்கு முழுமைப்படுத்தப்படும். 14996 என்னும் எண் ஐந்து எண்ணுருக்கள் உடையது. ஆகவே அது 15000 என்று பதிவாகும். உண்மையான கணினியும் இவ்வாறே இயங்குகிறது. அது வழக்கமாக ஏறத்தாழ 16 எண்ணுருக்களை வைத்துக்கொள்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

தரப்பட்ட வரிசையிலேயே நீக்கலைத் தொடங்குவோம். ஆதார உறுப்பு 0.0004. பெருக்கெண் m = 2 ÷ 0.0004 = 5000. R2-இலிருந்து 5000 R1-ஐக் கழிக்கிறோம்.

y-இன் கெழு: 4 − 15000 = −14996. இது −15000 எனப் பதிவாகிறது.

வலப்பக்கம்: 18 − 30010 = −29992. இது −29990 எனப் பதிவாகிறது.

ஆகவே y = 29990 ÷ 15000 = 1.99933… இது 1.999 எனப் பதிவாகிறது. உண்மையான மதிப்பு 2 ஆதலால் இதனைக் குறைகூற இயலாது. இப்போது முதல் சமன்பாட்டில் பிரதியிடுவோம்.

```
x = (6.002 - 3 × 1.999) ÷ 0.0004
  = (6.002 - 5.997) ÷ 0.0004
  = 0.005 ÷ 0.0004
  = 12.5
```

x-இன் உண்மையான மதிப்பு 5. நமக்குக் கிடைத்ததோ 12.5. y-இல் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த பிழை x-இல் 7.5 ஆக வளர்ந்துவிட்டது.

பிழை எங்கே பிறந்தது?

முதலில் 4 − 15000 என்னும் கழித்தலை உற்று நோக்குவோம். பதினாயிரத்துக்கு மேற்பட்ட எண்களை நான்கு எண்ணுருக்களில் எழுதும்போது அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 10 இடைவெளி இருக்கும். 14990-க்குப் பின் 15000. அதற்குப் பின் 15010. எனவே இரண்டாம் சமன்பாட்டில் y-இன் கெழு 4 ஆக இருந்தாலும், 1 ஆக இருந்தாலும், 0 ஆகவே இருந்தாலும் கழித்தலின் விடை −15000 என்றே பதிவாகியிருக்கும். அதாவது, 4 என்னும் கெழுவைப் பெரிய எண் முழுமையாக விழுங்கிவிட்டது. வலப்பக்கத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 18-க்கு மாறாக 20 இருந்திருந்தாலும் 20 − 30010 = −29990 என அதே எண்தான் வந்திருக்கும்.

இதன் பொருள் யாது? நாம் தீர்த்தது கொடுக்கப்பட்ட தொகுப்பை அன்று. இரண்டாம் சமன்பாட்டை 2x + 0y = 20 என்று மாற்றி எழுதியிருந்தாலும் நம் கணக்கு ஓர் இலக்கம்கூட மாறாமல் நடந்திருக்கும். அந்த மாற்றுச் சமன்பாடு x = 10 என்கிறது. இவ்வாறு, உண்மை விடையான 5-இலிருந்து 10 வரை நம்மை இழுத்துச் சென்றது நீக்கலின்போது இழந்த தகவலாகும்.

10 எவ்வாறு 12.5 ஆயிற்று? அதற்குக் காரணம் பின்னோக்கிப் பிரதியிடல். y = 1.99933… என்பதை 1.999 என்று முழுமைப்படுத்தியபோது ஏறத்தாழ 0.00033 இழந்தோம். முதல் சமன்பாட்டிலிருந்து x-ஐக் காணும்போது y 3-ஆல் பெருக்கப்பட்டு 0.0004-ஆல் வகுக்கப்படுகிறது. 3 ÷ 0.0004 = 7500. ஆகவே y-இல் உள்ள எந்தப் பிழையும் x-இல் 7500 மடங்காகத் தோன்றும். 0.00033-இன் 7500 மடங்கு 2.5. முன்னர் வந்த 5-உடன் இதனைச் சேர்த்தால் மொத்தப் பிழை 7.5 என்பது சரியாகப் பொருந்துகிறது.

இதனை வடிவியல் நோக்கிலும் காணலாம். முதல் சமன்பாட்டின் நேர்க்கோடு ஏறத்தாழக் கிடைமட்டமானது. x எவ்வளவு மாறினாலும் அக்கோட்டில் y இரண்டைவிட்டு அதிகம் விலகாது. ஆகவே அச்சமன்பாடு y-ஐப் பற்றித் தெளிவாகக் கூறும். X-ஐப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. நாமோ x-இன் மதிப்பை அதனிடமே கேட்டோம். நிகழ்வைக் கண்டவரை விடுத்து, காணாதவரைச் சாட்சியாக அழைத்தது போன்றது இது.

நிரைகளை இடம் மாற்றினால்

அதே தொகுப்பில் இரண்டாம் சமன்பாட்டை முதலில் எழுதுவோம்.

```
     2x + 4y = 18
0.0004x + 3y = 6.002
```

இப்போது ஆதார உறுப்பு 2. பெருக்கெண் m = 0.0004 ÷ 2 = 0.0002. R2-இலிருந்து 0.0002 R1-ஐக் கழிப்போம்.

y-இன் கெழு: 3 − 0.0008 = 2.9992. இது 2.999 எனப் பதிவாகிறது.

வலப்பக்கம்: 6.002 − 0.0036 = 5.9984. இது 5.998 எனப் பதிவாகிறது.

y = 5.998 ÷ 2.999 = 2.000. முதல் நிரையில் பிரதியிட, x = (18 − 8) ÷ 2 = 5.

கணிப்பான் அதே நான்கு எண்ணுருக்கள் கொண்டதுதான். முழுமைப்படுத்தலும் இரண்டு இடங்களில் நிகழ்ந்தது. ஆயினும் இம்முறை இழந்தவை 2.9992-இன் கடைசி இலக்கமும் 5.9984-இன் கடைசி இலக்கமும் மட்டுமே. சமன்பாட்டின் உள்ளடக்கம் அழியவில்லை. விடை முற்றிலும் சரியாக அமைந்தது இவ்வெண்களின் வாய்ப்பே எனினும், சிறிது பிழை எஞ்சியிருந்தாலும் அது பெருகியிராது. ஏனெனில் இங்கு x = (18 − 4y) ÷ 2. y-இன் பிழை x-இல் 2 மடங்காக மட்டுமே தோன்றும். முன்னர் அது 7500 மடங்காக இருந்தது.

விதி

ஒவ்வொரு நிரலிலும் நீக்கலைத் தொடங்கும் முன், அந்நிரலில் ஆதார இடத்திலும் அதற்குக் கீழும் உள்ள உறுப்புகளை நோக்க வேண்டும். அவற்றுள் மட்டு மதிப்பு மிகுந்தது எந்த நிரையில் உள்ளதோ, அந்நிரையை ஆதார இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின்பே நீக்கல் செய்ய வேண்டும். இதுவே பகுதி ஆதாரத் தேர்வு எனப்படும். நிரைகளை மட்டும் இடம் மாற்றி, நிரல்களை மாற்றாமல் விடுவதால் 'பகுதி' என்னும் அடை சேர்ந்தது. நிரைகளை மாற்றுவது சமன்பாடுகளை எழுதும் வரிசையை மாற்றுவதே ஆதலால் தீர்வு மாறாது.

மூன்று மாறிகள் உள்ள தொகுப்பில் இவ்விதி இருமுறை பயன்படும்.

```
2x + 4y -  z = 7
4x + 2y + 2z = 14
2x - 5y + 3z = 1
```

முதல் நிரலில் 2, 4, 2 உள்ளன. 4 பெரிது, ஆகவே R1, R2 ஆகிய நிரைகளை இடம் மாற்றுவோம். மற்ற இரு நிரைகளுக்கும் பெருக்கெண் 2 ÷ 4 = 0.5. நீக்கியபின் கிடைப்பது:

```
4x + 2y + 2z = 14
     3y - 2z = 0
    -6y + 2z = -6
```

இனி இரண்டாம் நிரல். முதல் நிரை தன் பணியை முடித்துவிட்டது. அதனை ஒப்பிடுதல் கூடாது. எஞ்சியவை 3, −6. குறியை நீக்கி நோக்கினால் 6 பெரிது. எனவே இவ்விரு நிரைகளும் இடம் மாறுகின்றன. பெருக்கெண் 3 ÷ (−6) = −0.5. நீக்கியபின் −z = −3 என வருகிறது. ஆகவே z = 3. அடுத்து −6y + 6 = −6 என்பதால் y = 2. இறுதியாக 4x + 4 + 6 = 14 என்பதால் x = 1.

இங்குப் பெருக்கெண்கள் யாவும் 0.5 அல்லது −0.5 ஆக அமைந்ததைக் காண்க. இது தற்செயல் அன்று. நிரலில் மிகப் பெரிய உறுப்பால் மற்றவற்றை வகுப்பதால், பெருக்கெண்ணின் மட்டு மதிப்பு ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. பிழை வளர்ச்சியைத் தடுப்பது இப்பண்பே. மேல் நிரையில் உள்ள முழுமைப்படுத்தல் பிழை, பெருக்கெண்ணால் பெருக்கப்பட்டே கீழ் நிரைக்கு இறங்குகிறது. பெருக்கெண் 5000 ஆனால் பிழையும் 5000 மடங்காகும். பெருக்கெண் 1-ஐத் தாண்டாவிடில் பிழை இறங்கும்போது பெருகுவதில்லை. கீழ் நிரையின் எண்களும் ஒரு படியில் இருமடங்குக்கு மேல் வளர இயலாது. அதனால் பெரிய எண் சிறிய எண்ணை விழுங்கும் வாய்ப்பும் குறைகிறது.

தெரிந்து தெளிவோம்

நீக்கல் முறை மிகப் பழைமையானது. 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் பண்டைய சீன நூலின் எட்டாம் அத்தியாயம், கணிப்புக் குச்சிகளைப் பரப்பி இம்முறையில் சமன்பாடுகளைத் தீர்ப்பதை விளக்குகிறது. ஐரோப்பாவில் காஸ் என்னும் கணித அறிஞர் பல்லாஸ் என்னும் சிறுகோளின் பாதையைக் கணிக்க இதனைப் பயன்படுத்தினார். அவர் பெயராலேயே இது காஸ்ஸியன் நீக்கல் முறை எனப்படுகிறது. மின்னணுக் கணினிகள் தோன்றிய காலத்தில், பெரிய தொகுப்புகளில் முழுமைப்படுத்தல் பிழை பெருகி விடையைக் கெடுத்துவிடுமோ என அறிஞர் அஞ்சினர். ஆலன் டூரிங் 1948-இல் இது குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் வில்கின்சன், ஆதாரத் தேர்வுடன் கூடிய நீக்கலில் பிழை எந்த அளவுக்கு வளரலாம் என்பதை 1961-இல் விரிவாக நிறுவினார். இன்று பைத்தான் மொழியின் `numpy.linalg.solve` என்னும் கட்டளையும் பகுதி ஆதாரத் தேர்வையே உள்ளே செய்கிறது.

விடையை ஐயுறுதல்

பிழையான விடையை எவ்வாறு கண்டறிவது? 12.5, 1.999 ஆகிய மதிப்புகளை முதல் சமன்பாட்டில் இடுவோம். 0.005 + 5.997 = 6.002. சற்றும் பிசகாமல் பொருந்துகிறது! இங்கேயே நின்றுவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். x-ஐ அச்சமன்பாட்டிலிருந்தே கண்டதால் அது பொருந்துவது இயல்பு. இரண்டாம் சமன்பாட்டில் இட்டால் 25 + 7.996 = 32.996 வருகிறது, வர வேண்டியதோ 18. ஆகவே கிடைத்த மதிப்புகளைத் தொடக்கத்தில் தரப்பட்ட எல்லாச் சமன்பாடுகளிலும் இட்டுப் பார்த்தல் வேண்டும். நீக்கலுக்குப் பின் மாறிய நிரைகளில் இட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது.

விதியின் எல்லைகள்

பகுதி ஆதாரத் தேர்வையும் ஏமாற்ற இயலும். நம் முதல் எடுத்துக்காட்டின் முதல் சமன்பாட்டை 10000-ஆல் பெருக்குவோம்.

```
4x + 30000y = 60020
2x +     4y = 18
```

பொருள் மாறவில்லை, எழுதிய அளவு மட்டுமே மாறியது. இப்போது முதல் நிரலில் 4 பெரிதாகத் தோன்றுவதால் விதி இடமாற்றம் செய்யாது. பெருக்கெண் 0.5. ஆயினும் 4 − 15000 என்னும் அதே கழித்தல் மீண்டும் வருகிறது. விடையும் y = 1.999, x = 12.5 என முன்போலவே பிழைபடுகிறது. 4 என்பது தனித்து நோக்கும்போது பெரிது. தன் நிரையில் உள்ள 30000-உடன் ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆகவே நிரைகளின் அளவுகள் பெரிதும் வேறுபடும்போது, ஒவ்வோர் உறுப்பையும் அதன் நிரையின் மிகப் பெரிய கெழுவால் வகுத்த பின்னரே ஒப்பிட வேண்டும். 4 ÷ 30000 ஏறத்தாழ 0.00013, 2 ÷ 4 என்பது 0.5. இவ்வாறு நோக்கினால் இரண்டாம் நிரையே ஆதாரமாகத் தகுந்தது என்பது தெளிவாகும்.

மற்றோர் எல்லையும் உண்டு. x + y = 2, x + 1.001y = 2.001 ஆகிய இரண்டின் நேர்க்கோடுகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. இதன் தீர்வு x = 1, y = 1. வலப்பக்கத்து 2.001 என்பதை 2.002 ஆக்கினால் தீர்வு x = 0, y = 2 என்று மாறிவிடும். இந்நிலை கணக்கிடும் முறையால் வந்ததன்று; தொகுப்பின் இயல்பிலேயே உள்ளது. நிரைகளை எவ்வாறு மாற்றினும் இது நீங்காது. நம் முதல் எடுத்துக்காட்டில் கோடுகள் தெளிவாக வெட்டிக்கொண்டன. பிழையைச் செய்தது கணக்கிட்ட வரிசை. ஆதாரத் தேர்வு வரிசையால் வரும் பிழையைத் தடுக்கும்; தரவிலேயே உள்ள நுண்மையின்மையை அதனால் நீக்க இயலாது.

கற்பவை கற்றபின்

1. 0.0005x + 2y = 6.002, 4x + 9y = 43 என்னும் தொகுப்பை நான்கு முக்கிய எண்ணுருக்களில், முதலில் தரப்பட்ட வரிசையிலும் பின்னர் நிரைகளை இடம் மாற்றியும் தீர்க்க. x = 4, y = 3 என்னும் சரியான தீர்வுடன் இரு விடைகளையும் ஒப்பிடுக.

2. முதற்கணக்கில் இடம் மாற்றாமல் தீர்த்தபோது, y-இல் உள்ள பிழை x-இல் எத்தனை மடங்காகத் தோன்றுகிறது? இடம் மாற்றிய பின் எத்தனை மடங்காகிறது?

3. பகுதி ஆதாரத் தேர்வில் பெருக்கெண்ணின் மட்டு மதிப்பு 1-ஐத் தாண்டாதது ஏன் என்பதை விளக்குக.

4. நீக்கலின் ஒரு படியில், ஆதார இடத்திலும் அதற்குக் கீழும் உள்ள உறுப்புகள் யாவும் சுழியாக இருப்பின், அத்தொகுப்பின் தீர்வைப் பற்றி யாது கூறலாம்? எடுத்துக்காட்டுடன் வகுப்பில் கலந்துரையாடுக.